ஒதுங்கிப்போனவருக்கு முதல் வார அட்டவணை: மூன்று வழிகளில் எதைத் தேர்வது?

மனச்சோர்வில் ஒருவர் அறைக்குள் முடங்கிவிட்டால், ‘மனசு கொஞ்சம் தேறட்டும், பிறகு தானாக எழுந்து வருவார்’ என்று வீட்டார் காத்திருப்பார்கள். அவரும் அதையேதான் எண்ணிக்கொண்டிருப்பார். செயலூக்கச் சிகிச்சை இந்த வரிசையை மாற்றுகிறது. மனம் தேறிய பிறகு செயல் என்றில்லாமல், முதலில் சிறு செயல், அதன் பின்னே மெல்ல மனம். இது வெறும் நம்பிக்கைப் பேச்சு கிடையாது. 1996-இல் அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சனும் அவருடைய குழுவினரும் முழு அறிவாற்றல் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தார்கள். எண்ணங்களைத் திருத்தும் பயிற்சிகளை விட்டுவிட்டு, செயல்களைத் திட்டமிடும் பகுதியை மட்டும் கொடுத்தபோதும் முழுச் சிகிச்சைக்கு இணையான பலன் கிடைத்தது. 2016-இல் இங்கிலாந்தில் 440 பேரைக் கொண்டு நடந்த கோப்ரா ஆய்வும் இதை உறுதிசெய்தது. உளச்சிகிச்சையில் நீண்ட பயிற்சி இல்லாத இளநிலைப் பணியாளர்கள் கொடுத்த செயலூக்கச் சிகிச்சை, தேர்ந்த சிகிச்சையாளர்கள் கொடுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை.

ஆகவே ‘செய்யலாமா’ என்பதைவிட ‘எப்படித் தொடங்குவது’ என்பதுதான் பெரிய கேள்வி. ஒரு வார அட்டவணையைக் கையில் எடுத்ததும் அதில் எதை எழுதுவது என்பதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் இந்தச் சிகிச்சையின் வரலாற்றிலிருந்தே வந்தவை. லேசான சோர்வில் இருப்பவருக்கு எதைக் கொடுத்தாலும் ஓரளவு நடக்கும். ஆனால் முழுதாக ஒதுங்கிப்போனவருக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே இரண்டாவது வாரம் என்று ஒன்று இருக்குமா என்பது தீர்மானமாகும்.

பிடித்தவற்றின் பட்டியல்

முதல் வழி பழமையானது. 1970-களில் பீட்டர் லெவின்சன், சோர்ந்த மனிதரின் வாழ்வில் இன்பம் தரும் நிகழ்வுகள் வற்றிப்போகின்றன என்றார். தன் செயலுக்குப் பலனாக நல்லது ஏதும் கிடைக்காதபோது செயலே குறைகிறது. செயல் குறையக் குறைய நல்லது கிடைக்கும் வாய்ப்பும் குறைகிறது. இந்தச் சுழலை உடைக்க, இன்பமான நிகழ்வுகளின் நீண்ட பட்டியல் ஒன்றை அவரும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கினார்கள். 320 செயல்கள் அதில் இருந்தன. பிடித்ததைத் தேர்ந்தெடுத்து வாரத்தில் ஆங்காங்கே செருக வேண்டும்.

இந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. ஆனால் அறையை விட்டு வெளியே வராதவரிடம் பட்டியலை நீட்டினால் நிகழ்வது வேறு. அவர் ஒவ்வொரு வரியையும் பார்த்து, ‘இது முன்பு பிடிக்கும், இப்போது பிடிக்காது’ என்பார். உண்மையும் அதுதான். இன்பத்தை எதிர்பார்க்கும் திறனையே இந்த நோய் மழுங்கடிக்கிறது. செய்து பார்த்தால் கொஞ்சம் பிடிக்கக்கூடிய செயலும், செய்யுமுன் எண்ணிப்பார்க்கையில் வெறுமையாகத் தெரியும். எதிர்பார்ப்பை வைத்துத் தேர்வு செய்யச் சொன்னால், முயற்சியே தேவைப்படாத ஒன்றை, பெரும்பாலும் படுத்தபடியே பார்க்கும் கைப்பேசியை, அவர் தேர்வார். அட்டவணை நிறைந்துவிடும், மனிதர் கட்டிலிலேயே இருப்பார்.

இன்னொரு தீங்கும் உண்டு. முன்பு உயிராக இருந்த ஒரு செயலை, உதாரணமாகப் பாட்டையோ விளையாட்டையோ, முதல் வாரமே செய்து பார்த்து ஒன்றும் தோன்றாமல் போனால், ‘இதுகூட எனக்குச் செத்துவிட்டது’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார். மிகவும் பிடித்த ஒன்றை முதல் வாரத்தில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மணிக்கு மணி நிரப்பிய அட்டவணை

இரண்டாம் வழி ஆரன் பெக்கின் அறிவாற்றல் சிகிச்சையிலிருந்து பரவலானது. வாரத்தின் ஏழு நாட்களும் மணி வாரியாகக் கட்டம் கட்டப்பட்டிருக்கும். செய்ததற்கு எதிரே, எவ்வளவு இன்பம், முடித்த நிறைவு எவ்வளவு என்று இரண்டு மதிப்பெண்கள் எழுதுவார்கள். பெக் இதைப் படிப்படியாகவே பயன்படுத்தினார். வீட்டில் ஆர்வக்கோளாறாக நடப்பது வேறு: காலை ஆறு முதல் இரவு பத்து வரை எல்லாக் கட்டங்களையும் முதல் நாளிலேயே நிரப்பிவிடுகிறார்கள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு எழ முடியவில்லை என்றால், எட்டு மணிக் கட்டமும் ஒன்பது மணிக் கட்டமும் சேர்ந்தே சரிகின்றன. நண்பகலுக்குள் அந்தத் தாள் அவருடைய தோல்விகளின் கணக்காகிவிடுகிறது. புதன்கிழமை அதைத் தலையணைக்கு அடியில் காணலாம். வேலைக்குப் போய்க்கொண்டே சோர்வில் தவிப்பவர்களுக்கு, நாளின் எலும்புக்கூடு ஏற்கெனவே இருப்பதால், இந்த மணிக்கட்டம் நன்றாகவே உதவுகிறது. எலும்புக்கூடே இல்லாதவருக்கு அது சுமை.

ஆனாலும் இந்த வழியில் ஒரு பொன்னான பகுதி இருக்கிறது: பதிவு. திட்டமிட அல்லாமல், நடப்பதை அப்படியே எழுதிக்கொள்ள இந்தக் கட்டத்தைவிடச் சிறந்த கருவி இல்லை. மூன்றாம் வழிக்கும் முதல் படி இதுவே.

தவிர்ப்பதைக் கண்டு, அதில் சிறு துண்டை வைக்கும் வழி

சார்ல்ஸ் ஃபெர்ஸ்டர் 1973-இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். சோர்ந்தவர் ‘ஒன்றும் செய்யாமல்’ இருப்பதாகத் தெரிந்தாலும், அவர் ஓயாமல் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்: தவிர்க்கிறார். பின்னாளில் ஜேக்கப்சன், கிறிஸ்டபர் மார்ட்டெல் முதலானோர் சிகிச்சையின் மையத்தையே இந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொலைபேசி ஒலிக்கிறது, எடுக்கவில்லை, ஒலி நின்றதும் நெஞ்சில் ஒரு தணிவு. அந்தத் தணிவுதான் அடுத்த முறையும் எடுக்காமல் இருக்கக் கற்றுக்கொடுக்கிறது. சோம்பேறித்தனம் என்று வீட்டார் சொல்வது, உண்மையில் நன்றாகப் பழகிப்போன ஒரு தப்பித்தல்.

இந்த வழியில் அட்டவணையை நிரப்புமுன் கேட்கும் கேள்வி ‘எது பிடிக்கும்’ என்பதோ ‘எந்த மணிக்கு என்ன’ என்பதோ இல்லை. ‘எதைத் தவிர்க்கிறார், தவிர்த்தபின் அடுத்த ஒரு மணி நேரம் எப்படிப் போகிறது’ என்பதே கேள்வி. பிறகு, தவிர்க்கும் அந்த ஒன்றில் மிகச் சிறிய துண்டை மட்டும் எடுத்து, குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் வைக்கிறோம். நாளுக்கு இரண்டு அல்லது மூன்று செயல்கள் போதும். மற்ற கட்டங்கள் வெறுமையாகவே இருக்கட்டும்.

ஒதுங்கிப்போனவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். இதற்கும் ஒரு விலை உண்டு: ஒரு வாரம் பொறுமையாகப் பதிவு செய்தாக வேண்டும், அந்தப் பதிவைப் பழி சொல்லாமல் படிக்க ஒருவர் வேண்டும்.

ஒரு உதாரணத்தை விரிவாகப் பார்க்கலாம். முப்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாதங்களுக்கு முன் வேலை போயிற்று. காலை பதினொன்று வரை கட்டிலில் இருக்கிறார், அறைக்குள்ளேயே சாப்பிடுகிறார், குளிப்பது மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை. நண்பர்களின் அழைப்பை எடுப்பதில்லை. வந்த கடிதங்கள் பிரிக்கப்படாமல் ஒரு பையில் கிடக்கின்றன. வீட்டில் அக்கா இருக்கிறார்.

முதல் வாரம் எதையும் மாற்றவில்லை. நாளுக்கு நான்கு முறை மட்டும், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும், பூஜ்யத்திலிருந்து பத்து வரை மனநிலை எவ்வளவு என்பதையும் எழுதினார். பத்து என்றால் மிக நல்ல மனநிலை. அந்தத் தாளில் மூன்று வரிகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. செவ்வாய் பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை படுத்தபடி காணொளிகள்: மனநிலை 2. புதன் மாலை ஆறு மணி, காய்ந்த துணிகளை எடுக்க வெளியே போய்ச் சற்று நின்றார்: 4. வியாழன் காலை நண்பரின் அழைப்பு வந்தது, எடுக்கவில்லை: உடனே 3, ஒரு மணி நேரம் கழித்து 1.

காணொளி அவருக்கு இன்பம் தரவில்லை, நேரத்தை மட்டும் கடத்தியது. வெளியே நின்ற சில நிமிடங்களைத் தம் கையாலேயே 4 என்று எழுதியிருந்தும் அவர் அதைக் கவனிக்கவில்லை. அழைப்பைத் தவிர்த்ததால் கிடைத்த தணிவு ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. இந்த மூன்றையும் யாராவது வாயால் சொல்லியிருந்தால் அறிவுரையாகப் போயிருக்கும். அவருடைய கையெழுத்திலேயே இருந்ததால் மறுக்க முடியவில்லை.

இரண்டாம் வாரத்துக்கான அட்டவணை இது:

| நாள் | காலை | மாலை |
|---|---|---|
| திங்கள் | 8.00 எழுந்து நாற்காலியில் 10 நிமிடம். 11-க்குள் குளியல் | – |
| செவ்வாய் | 8.00 நாற்காலி | 6.00 வெளியே 10 நிமிடம் |
| புதன் | 8.00 நாற்காலி, 11-க்குள் குளியல் | 5.00 நண்பருக்கு ஒரு வரிச் செய்தி |
| வியாழன் | 8.00 நாற்காலி | 4.00 கடிதங்களைப் பிரித்து அடுக்குவது 15 நிமிடம், 6.00 வெளியே 10 நிமிடம் |
| வெள்ளி | 8.00 நாற்காலி, 11-க்குள் குளியல் | – |
| சனி | 8.00 நாற்காலி | 5.00 நண்பருடன் 5 நிமிடப் பேச்சு, 6.00 வெளியே 10 நிமிடம் |
| ஞாயிறு | 8.00 நாற்காலி, 11-க்குள் குளியல் | 7.00 அக்காவுடன் தாளைப் பார்ப்பது |

எழுதியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். ‘சீக்கிரம் எழுவது’ என்று இல்லை. எழுந்தபின் உடல் எங்கே போக வேண்டும் என்று இருக்கிறது. கட்டிலுக்கு வெளியே ஒரு நாற்காலி, முந்தின இரவே சன்னலோரம் போடப்பட்டது. பத்து நிமிடத்துக்குப் பிறகு திரும்பப் படுத்துக்கொண்டாலும் அது செய்து முடித்ததாகவே கணக்கு. நண்பருக்கு அனுப்பும் செய்தியின் சொற்கள்கூட முன்பே எழுதப்பட்டுவிட்டன: ‘கொஞ்ச நாளாக யாரிடமும் பேச முடியவில்லை. சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் பேசலாமா?’ கடிதங்களுக்குப் பதில் எழுதுவது திட்டத்தில் இல்லவே இல்லை. பிரிப்பதும் அடுக்குவதும் மட்டும். ஒவ்வொன்றுக்கும் முடிவு நேரம் உண்டு. முடிவு தெரியாத செயலைத் தொடங்குவது சோர்ந்தவருக்கு மிகக் கடினம்.

ஞாயிறு இரவு தாளைப் பார்த்தபோது, அந்தச் சந்திப்பைத் தவிர, திட்டமிட்ட 17-இல் 11 நடந்திருந்தன. நாற்காலி ஏழில் ஐந்து, குளியல் நான்கில் மூன்று, வெளியே நிற்பது மூன்றில் இரண்டு. செய்தி போயிற்று, பேச்சு நடக்கவில்லை. கடிதப் பையைத் தொடவே இல்லை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகள் தடுமாறுகின்றன. ‘ஆறு விட்டுப்போயிற்றே’ என்று தொடங்கினால் மூன்றாம் வாரம் இல்லை. நடக்காத ஒவ்வொன்றையும் ‘இதில் எது பெரிதாக இருந்தது’ என்று கேட்பதே வேலை. நாற்காலி தவறிய இரண்டு நாட்களுக்கும் முந்தின இரவுகளில் இரண்டு மணி வரை கைப்பேசி ஓடியிருந்தது. ஆகவே அடுத்த வாரம் கைப்பேசிக்கு மின்னேற்றும் இடம் கூடத்துக்கு மாறியது. கடிதம் பதினைந்து நிமிடமாக இருந்தாலும் பெரிதாகவே இருந்தது. எனவே புதிய வாரத்தில் பையை எடுத்து மேசைமேல் வைப்பது மட்டும், பிரிக்க வேண்டாம். சனிக்கிழமை ஐந்து மணிக்கு அவர் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார், அழைக்க முடியவில்லை. அழைக்க வேண்டிய சுமை நண்பருக்கு மாறியது: அடுத்த சனிக்கிழமை அவரே அழைப்பார், இவர் எடுத்தால் மட்டும் போதும். ஏற்கெனவே நடந்தவற்றில் ஒன்றே ஒன்றுதான் கூடியது. வெளியே நிற்கும் பத்து நிமிடம் பதினைந்தாயிற்று.

மனநிலை? செயலை முடித்த நேரங்களில் 4, ஒரு முறை 5. மற்ற நேரங்களில் பழையபடி 2, 3. இரண்டாம் வாரத்தில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது சரியில்லை. முதல் சில வாரங்களில் ‘மனம் எப்படி இருக்கிறது’ என்பதைவிட ‘மனம் எப்படி இருந்தாலும் செய்தாரா’ என்பதே அளவுகோல். மனநிலையைப் பொதுவாக அளக்க, பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நிரப்பலாம். 0 முதல் 27 வரை செல்லும் அதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நடுத்தரமான அல்லது அதற்கும் கூடுதலான சோர்வு இருக்கலாம் என்று பொருள். அதன் ஒன்பதாவது கேள்வி இறப்பைப் பற்றிய எண்ணங்களைக் கேட்கிறது. அதில் பூஜ்யத்துக்கு மேல் எதை எழுதினாலும் அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு அதைப் பற்றி நேராகப் பேச வேண்டும், மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும்.

செய்ததுபோல் தோன்றும், செய்யாதவை

ஒரு சிக்கல் தாளில் தெரியாது. வெளியே நின்ற பத்து நிமிடமும் அவர் பழைய வேலையைப் பற்றியே சுற்றிச் சுற்றி எண்ணிக்கொண்டிருந்தால், உடல் வெளியே இருந்ததே தவிர அவர் அறைக்குள்தான் இருந்தார். இந்த அசைபோடலையும் ஒரு நடத்தையாக, ஒரு தவிர்ப்பாகவே இந்தச் சிகிச்சை பார்க்கிறது. கண்டுபிடிக்கும் வழி எளிது: செயலைச் செய்தும் மனநிலை எண் இறங்கியிருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். அப்போது எண்ணத்தோடு வாதாட வேண்டாம். கண்ணுக்கு வேலை கொடுக்கும் ஒன்றைச் சேர்த்தால் போதும்: தெருவில் போகும் வண்டிகளின் நிறங்களை எண்ணுவது, ஒரு செடியின் இலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது.

அக்காவின் பங்கும் தேர்வின் ஒரு பகுதிதான். சாப்பாட்டை அறைக்கே கொண்டுபோய்க் கொடுப்பதும், நண்பர் அழைத்தால் ‘தூங்குகிறான்’ என்று சொல்லிவிடுவதும் அன்பினால் செய்வது. ஆனால் ஒவ்வொன்றும் ஒதுங்குவதைக் கொஞ்சம் எளிதாக்குகிறது. அதற்கு நேர் எதிர், காலையில் ஆறு முறை வந்து ‘இன்னும் எழவில்லையா’ என்பது. அதனால் எழுவதே அக்காவுடனான சண்டையாகிவிடும். இரண்டுக்கும் நடுவே வேலை செய்தது ஒரே ஒரு நினைவூட்டல். எட்டு மணிக்குக் கதவைத் தட்டி, “தம்பி, நாற்காலி போட்டிருக்கிறேன். நானும் பக்கத்தில் உட்காரட்டுமா?” என்பார். “வேண்டாம் அக்கா, வருகிறேன்” என்றால் திரும்பிப் போய்விடுவார். சாப்பாட்டை மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு வேளை மட்டும் கூடத்தில் வைப்பது என்று இருவரும் பேசி முடிவுசெய்தார்கள். அறிவிப்பில்லாமல் நிறுத்தியிருந்தால் அது தண்டனையாகியிருக்கும்.

இந்த வழியைத் தொடங்கக் கூடாத இடங்கள்

சோர்வுக்கு முன் எப்போதாவது, பல நாட்கள் தூக்கமே தேவைப்படாமல், அளவுகடந்த உற்சாகத்தோடு, கண்மண் தெரியாமல் செலவு செய்து திரிந்த காலம் இருந்ததா என்று கேளுங்கள். இருந்தால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அவருக்குச் செயல்களைக் கூட்டிக்கொண்டே போவது ஆபத்து. மனநல மருத்துவரின் கண்காணிப்பில்தான் எதையும் செய்ய வேண்டும். யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறது என்றாலோ, உணவும் நீரும் ஏறக்குறைய நின்றுவிட்டன என்றாலோ, முதலில் மருத்துவமனை. சிறு உழைப்புக்கே அடுத்த நாள் முழுவதும் உடல் விழுந்துவிடுகிறவரை, தைராய்டு முதலானவற்றைச் சோதிக்காமல் அட்டவணைக்குள் இழுக்கக் கூடாது.

மருந்தா, அட்டவணையா என்று பலர் கேட்கிறார்கள். 2006-இல் சோனா டிமிஜியனும் குழுவினரும் 241 பேரை வைத்து நடத்திய ஆய்வில், கடுமையான சோர்வு உடையவர்களிடம் செயலூக்கச் சிகிச்சை மருந்துக்கு இணையாக நின்றது. அதற்காக எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தே போகலாம். மருந்து மயக்கத்தால் காலை எட்டு மணி நடக்கவில்லை என்றால், நேரத்தை ஒன்பதரைக்கு மாற்றிவிட்டு மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

எப்போது வழியை மாற்றுவது

மூன்றாம் வழி தொடங்குவதற்கு உரியது. என்றென்றைக்கும் அதிலேயே இருக்க வேண்டியதில்லை. தொடர்ந்து இரண்டு வாரம் பத்தில் எட்டுச் செயல்கள் நடந்தால், காலை நேரத்தை மட்டும் மணிக்கட்டத்துக்கு மாற்றலாம். ஒரு செயலை முடித்தபின் யாரும் கேட்காமலே அவர் அதைப் பற்றி ஏதாவது சொன்னால், ‘இன்று காற்று நன்றாக இருந்தது’ என்பது போன்ற ஒரு வாக்கியமாக இருந்தாலும், பிடித்தவற்றின் பட்டியலைத் திறக்க நேரம் வந்துவிட்டது. அப்போது பட்டியலிலிருந்து அவர் தேர்வது எதிர்பார்ப்பை வைத்து மட்டும் இருக்காது. சில வாரப் பதிவுகள் கையில் இருக்கும். மிகவும் பிடித்திருந்த அந்த ஒன்றை அப்போதும் சிறு துண்டாகவே வையுங்கள்: முழு ஆட்டத்துக்குப் பதிலாக மட்டையை எடுத்துத் துடைப்பது, முழுக் கச்சேரிக்குப் பதிலாக ஒரே ஒரு பாட்டு.

நான்கு வாரம் உண்மையாக முயன்றும், துண்டுகளை இரண்டு முறை சிறிதாக்கியும், பாதிகூட நடக்கவில்லை அல்லது படிவத்தின் எண் இறங்கவே இல்லை என்றால், இதை வீட்டிலேயே நீட்டிக்க வேண்டாம். அந்தத் தாள்களை எல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டு மருத்துவரிடமோ பயிற்சி பெற்ற ஆலோசகரிடமோ போங்கள். எந்த நேரத்தில் என்ன தடுக்கிறது என்று எழுதப்பட்ட நான்கு வாரப் பதிவைப் பார்த்தால், பழைய கதையை முதலிலிருந்து கேட்காமலே அவரால் வேலையைத் தொடங்க முடியும்.